தாடை வீங்கிய ஆட்டுக்கு ஐவர்மெக்டின்: நானும் செய்த தவறு

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஆட்டுக்குக் கொடுப்பதைத் தமிழில் பூச்சி மருந்து என்போம், மலையாளத்தில் விர மருந்து. எந்தப் புழுவானாலும் பேர் ஒன்றுதான். ஆனால் குடலில் இருக்கும் உருண்டைப்புழு, நாடாப்புழு, ஈரலில் இருக்கும் தட்டைப்புழு மூன்றும் உடலமைப்பிலேயே வேறு வேறு. ஒன்றைச் சாய்க்கும் மருந்து இன்னொன்றைத் தொடாமலே போய்விடும்.

போன தை மாதம் வாய்க்கால் ஓரத்தில் பதினான்கு ஆடு மேய்க்கும் ஓர் அக்கா வந்தார். "டாக்டரே, பூச்சி ஊசி ரெண்டு தடவை போட்டாச்சுங்க. காலையில வத்துது, சாயங்காலம் மறுபடி வீங்கிக்குது" என்றார். தாடைக்குக் கீழே நீர்ப் பை தொங்கியது. கண் இமையைத் திருப்பிப் பார்த்தால் சிவப்பே இல்லை, வெள்ளைத் தாள் மாதிரி. ரத்தத்தில் புரதம் குறைந்தால் நீர் வெளியே கசியும். நாள் முழுக்கத் தலையைக் குனிந்து மேய்வதால் தாடையில் இறங்கும், ராத்திரி வடிந்துவிடும்.

அவர் போட்டது ஐவர்மெக்டின். நல்ல மருந்துதான், உருண்டைப்புழுவுக்கு. அந்தப் புழுவின் நரம்பிலும் தசையிலும் உள்ள குளோரைடு வாசலைத் திறந்தே வைத்துவிடும். தசை தளர்ந்து, தொண்டையால் உறிஞ்ச முடியாமல் புழு பட்டினி கிடந்து சாகும். ரத்தம் குடிக்கும் வயிற்றுப்புழுவும் இப்படித் தாடை வீக்கம் தரும் என்பதால்தான் எல்லோரும் இந்த ஊசிக்கே போகிறார்கள். ஆனால் இந்த மருந்து பிடிக்கும் அந்த வாசல் தட்டைப்புழுவிடமும் நாடாப்புழுவிடமும் கிடையாது. டோஸை இரண்டு மடங்காக்கினாலும் பலன் இல்லை.

இங்கே என் தவறையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் புழுக்கையை உப்புக் கரைசலில் மிதக்கவிட்டுப் பார்த்து, முட்டை இல்லை என்று அனுப்பிவிட்டேன். ஈரல் தட்டைப்புழுவின் முட்டை கனமானது, மிதக்காது. மறுநாள் புழுக்கையைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, அடியில் தங்கிய வண்டலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். ஒரு முனையில் மூடி வைத்த, மஞ்சள் நிற, பெரிய முட்டைகள். நத்தை வழியாகப் பரவும் புழு இது. நெல் வயலும் வாய்க்காலும் நத்தையும் இருக்கிற ஊரில் முதல் நாளே வண்டலைப் பார்த்திருக்க வேண்டும்.

கொடுத்தது ஆக்ஸிகுளோசனைடு. புழுவின் செல்கள் சக்தி தயாரிக்கும் வழியை இது கெடுத்துவிடும். உணவு எரியும், ஆனால் அது பயன்படும் சக்தியாக மாறாது. அளவு கிலோவுக்கு 15 மில்லிகிராம். 22 கிலோ ஆட்டுக்கு 330 மில்லிகிராம். மில்லிக்கு 34 மில்லிகிராம் இருக்கும் மருந்தானால் சுமார் 10 மில்லி. ஆட்டைத் தராசில் தூக்கித்தான் கணக்குப் போட்டோம். கண் மதிப்பில் ஊற்றுவது எதிலும் தப்பு, குளோசான்டெல் என்ற மருந்தில் ஆபத்து. அளவு மிஞ்சினால் ஆட்டுக்குக் கண் பார்வையே போகும்.

நாடாப்புழு வேறு கதை. குட்டியின் புழுக்கையில் வேகவைத்த அரிசி போல ஒட்டியிருந்தால் அதுதான். அதற்குப் பிராசிகுவான்டெல். புழுவின் தசைக்குள் கால்சியம் பாய்ந்து உடல் இறுகி, மேல்தோல் சிதையும். இதுவும் தட்டையான புழுதானே, ஈரலுக்கும் கேட்குமே என்று நினைக்க வேண்டாம். ஈரல் தட்டைப்புழு இதற்கு அசையாது.

இன்னொன்று. அல்பெண்டசோல் கொடுத்த மறுநாள் புழு விழவில்லை என்று மறுபடி ஊற்றுவார்கள். அது புழுவை முடக்கும் மருந்து இல்லை. செல்லின் உள்கட்டமைப்பைக் குலைத்து, சர்க்கரை எடுக்கவிடாமல் செய்யும். அதனால் மெதுவாகத்தான் வேலை செய்யும். லெவாமிசோலில் புழு விறைத்து உடனே வெளியேறும், அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். சினை பிடித்த முதல் மாதத்தில் அல்பெண்டசோல் வேண்டாம், குட்டி ஊனமாகலாம். அப்புறம், மருந்தை மாற்றிவிட்டேன் என்று ஃபென்பெண்டசோல் வாங்குவது மாற்றமே அல்ல. இரண்டும் ஒரே குடும்பம்.

அக்காவின் ஆடுகளுக்கு மூன்றாவது வாரம் தாடை வற்றியது. ஆனால் ஆக்ஸிகுளோசனைடு வளர்ந்த புழுவைத்தான் கொல்லும், ஈரலுக்குள் துளைத்துத் திரியும் குஞ்சுப் புழுக்கள் தப்பிவிடும். அவை வளர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால் பங்குனிக் கடைசியில் மறுபடி வரச் சொன்னேன். வந்தார். வண்டலில் நான்கு ஆட்டுக்கு மறுபடி மஞ்சள் முட்டை இருந்தது, இரண்டாம் டோஸ் கொடுத்தோம். வாய்க்காலில் தண்ணீர் நிற்கும்வரை மேட்டு நிலத்தில்தான் மேய்க்கிறார்.