கொலுசுப் படங்களும் கூடுதல் பில்லும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசு வியாபாரிக்குப் படப்பட்டியல் தளம் நடத்துகிறேன். மூன்று மாதமாக ஏடபிள்யூஎஸ் கிளவுட் பில்லில் மாதாமாதம் சுமார் 67 டாலர் கூடுதலாக வந்தது. வாடிக்கையாளர்கள் படங்களைப் பார்ப்பதால்தான் என்று நினைத்து, படங்களைச் சுருக்கினேன்; முன்னால் படங்களை நகலெடுத்து அருகிலிருந்து தரும் சிடிஎன் வைத்தேன். தொகை அசையவில்லை.

பில்லில் அது தரவுப் பரிமாற்றம் என்ற தலைப்பிலேயே இல்லை. காஸ்ட் எக்ஸ்ப்ளோரர் என்ற செலவு அலசும் பக்கத்தில், `EC2-Other` என்பதன் கீழ் `APS3-NatGateway-Bytes` என்று ஒளிந்திருந்தது. மாத அளவு 1,200 ஜிபி. எங்கள் சர்வர் தினமும் இரவில் 40 ஜிபி படங்களை எஸ்3 சேமிப்பகத்திலிருந்து இறக்கிச் சிறுபடங்கள் செய்கிறது. முப்பது இரவுக்குக் கணக்குச் சரியாக வந்தது. சர்வரும் சேமிப்பகமும் மும்பையிலேயே இருப்பதால் பரிமாற்றம் இலவசம்தான். ஆனால் இணையத்துக்கு நேரடி வழியில்லாத தனி சப்நெட்டில் இருக்கும் சர்வர், நாட் கேட்வே என்ற இடைவாசல் வழியாகவே வெளியே போகிறது. கடக்கும் ஒவ்வொரு ஜிபிக்கும் அது 0.056 டாலர் வாங்குகிறது.

நாட் கேட்வேயைத் தொடாமல் சேமிப்பகத்துக்குப் போக, கேட்வே எண்ட்பாயிண்ட் என்ற தனிவழி ஒன்றை உருவாக்கினேன். அதற்குக் கட்டணமில்லை. மறுநாளும் அளவு குறையாததால் திகைத்தேன். உருவாக்கும்போது, எந்த முகவரிக்கு எந்த வழி என்று சொல்லும் ரூட் டேபிள்களில் முதன்மையானதை மட்டும் தேர்ந்தெடுத்திருந்தேன். சர்வரின் சப்நெட் வேறொன்றைப் பயன்படுத்தியது. அதையும் சேர்த்த பிறகு, அந்த டேபிளில் `pl-` என்று தொடங்கும் முகவரிப் பட்டியலுக்கு `vpce-` என்று தொடங்கும் இலக்கு தெரிந்தது. இந்த வரி இல்லையென்றால் எண்ட்பாயிண்ட் இருந்தும் பயனில்லை. சேர்க்கும் கணத்தில் நடப்பிலுள்ள இணைப்புகள் அறுந்துவிடும் என்பதால், இரவு வேலை முடிந்த பிறகே செய்தேன்.

அடுத்த இரவு நாட் வழியே சில எம்பி மட்டுமே போனது. வேறு பிராந்தியத்தில் உள்ள சேமிப்பகத்துக்கு இந்த வழி உதவாது.