நண்பர்கள் சேர்ந்து வீடு கேட்கும்போது

பேச்சிலர் என்றதும் ஹவுஸ் ஓனர் தயங்க முக்கியமான ஒரு காரணம், ஒருவர் வேலை மாறிப் போய்விட்டால் அவர் பங்கு வாடகையை யாரிடம் கேட்பது என்ற கவலை. அதற்குப் பதிலை முதல் வாட்ஸப் செய்தியிலேயே எழுதிவிடுங்கள். வேளச்சேரியில் 24,000 ரூபாய் வாடகை, மூன்று பேர் என்று வைத்துக்கொள்வோம்.

“வணக்கம் சார். நாங்கள் மூவரும் கல்லூரி நண்பர்கள். எனக்குத் தரமணியில் ஐடி வேலை, நான்கு வருடமாக அதே கம்பெனி. இன்னொருவர் வங்கி கிளார்க். மூன்றாமவர் லேப் டெக்னீஷியன், மாதம் பத்து நாள் நைட் ஷிஃப்ட். வாடகை 5ஆம் தேதிக்குள் என் கணக்கிலிருந்து ஒரே தொகையாக வரும். யாராவது காலி செய்தாலும் மற்றவர்கள் முழுதாகக் கட்டிவிடுவோம்.”

நைட் ஷிஃப்டை மறைக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு கேட் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும்.

அக்ரிமெண்டில் மூவரும் கையெழுத்துப் போடுங்கள். அதில் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு’ என்றிருந்தால், மூன்றில் ஒரு பங்கான 8,000 தந்தாயிற்று என்று யாரும் ஒதுங்க முடியாது. முழு 24,000-ஐயும் ஓனர் ஒருவரிடமே கேட்கலாம். அதனால் உங்களுக்குள் தனியாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: போகிறவர் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும், அட்வான்ஸில் அவர் பங்கைப் புதிதாக வருபவர் கொடுப்பார். அப்புறம், அந்தப் புதியவரை ஓனரிடம் கேட்காமல் குடிவைக்காதீர்கள்.