மூன்று நிமிட அறிமுக வீடியோ: உங்களைச் சொல்லாதீர்கள், பாடம் நடத்துங்கள்

ஆன்லைன் வகுப்புக்கு அறிமுக வீடியோ எடுக்கும் ஆசிரியர்களில் பலர் "வணக்கம், என் பெயர்..." என்று தொடங்கி, படிப்பு, அனுபவம், வாங்கிய சான்றிதழ் என்று ஒரு நிமிடத்தைக் கடத்திவிடுகிறோம். என் முதல் வீடியோவும் அப்படித்தான் இருந்தது. அந்த விவரமெல்லாம் போர்ட்ஃபோலியோவில் எழுத்தாகவே இருக்கிறது. வீடியோ பார்ப்பவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: பிள்ளைக்குப் புரியாதபோது இந்த ஆசிரியர் என்ன செய்வார்?

ஏழாம் வகுப்புக் கணக்கில் பின்னங்கள் பற்றிய வகுப்பை எடுத்துக்கொண்டு, மூன்று நிமிட வீடியோவைப் படிப்படியாக அமைத்துப் பார்ப்போம்.

படி 1: ஒரு தவறைத் தேர்ந்தெடுங்கள்

பாடத் தலைப்பு வேண்டாம். பிள்ளைகள் அடிக்கடி செய்யும் ஒரு தவறு போதும். பின்னத்தில் எனக்குப் பிடித்தது இது:

```
1/2 + 1/3 = 2/5
```

"மேல இருக்கறத மேலயும், கீழ இருக்கறத கீழயும் கூட்டிட்டேன் மிஸ்" என்பார்கள். அவர்கள் அளவில் அது சரியான வழிதான், அதனால்தான் இந்தத் தவறு பாடம் நடத்த ஏற்றது. ஒன்றரை நிமிடத்தில் முடியாத தவறை எடுக்காதீர்கள். பகுதிகளைச் சமமாக்கும் முறை முழுவதையும் இங்கே நடத்த முடியாது, நடத்தவும் வேண்டாம்.

படி 2: முதல் 20 விநாடி

முகத்துக்கு முன் நோட்டைக் காட்டுங்கள். அந்த வரி திரை நிறையத் தெரியட்டும். "இப்படி எழுதிய பிள்ளையிடம் நான் ஒரு கேள்வி கேட்பேன்: பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால், பாதியைவிடக் கூடுமா, குறையுமா?" அவ்வளவுதான். பிள்ளையின் நோட்டையே காட்டுவதென்றால் வீட்டில் அனுமதி வாங்கி, பெயரையும் மறைத்துவிடுங்கள். நீங்களே எழுதிக் காட்டினாலும் போதும்.

படி 3: அடுத்த 90 விநாடி

வீடியோவின் உயிர் இங்கேதான். 30 செ.மீ. நீளமுள்ள காகிதப் பட்டைகள் மூன்றை எடுங்கள். ஒன்றைப் பாதியாக மடித்தால் 15 செ.மீ. இன்னொன்றை மூன்றாக மடித்தால் ஒரு பங்கு 10 செ.மீ. இரண்டையும் ஒட்டி வைத்தால் 25 செ.மீ. இப்போது பிள்ளையின் விடையை அளப்போம்: மூன்றாவது பட்டையில் ஐந்தில் இரண்டு பங்கு 12 செ.மீ. அதை 15 செ.மீ. துண்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். கூட்டிய பிறகு வந்த விடை, கூட்டுவதற்கு முன் இருந்த பாதியைவிடச் சின்னதாகக் கிடக்கும்.

இந்த இடத்தில் "பாத்தீங்களா, தப்பு" என்று சொல்லிவிடாதீர்கள். "என்ன தெரியுது?" என்று கேட்டுவிட்டு நான்கு விநாடி பேசாமல் இருங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்பதையும், மூன்று விநாடி பொறுத்தால் மாணவர்களின் பதில் நீள்கிறது என்பதையும் அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் எழுதினார். கேமரா முன் அந்த மௌனம் நமக்கு யுகமாகத் தோன்றும், எடிட்டிங்கில் வெட்டிவிடக் கை துடிக்கும். வெட்டாதீர்கள். நீங்கள் பிள்ளையை யோசிக்க விடுகிறீர்கள் என்பதற்கு அந்த மௌனமே சாட்சி.

பிறகு 25 செ.மீ. என்பது 30இல் ஆறில் ஐந்து பங்கு என்று காட்டி, "இந்த ஆறு எங்கிருந்து வந்தது என்பது முதல் வகுப்பில்" என்று நிறுத்துங்கள்.

படி 4: மீதி ஒரு நிமிடம்

இப்போது பெயர், எந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு, எத்தனை வாரம், வீட்டுப்பாடத்தை எப்படித் திருத்துவீர்கள். இந்தப் பகுதியை மட்டும் எழுதி வைத்துப் பழகுங்கள். பாடத்தை எழுதிப் படித்தால் குரல் செய்தி வாசிப்பதுபோல் ஆகிவிடும்.

எடுக்கும்போது

போனைப் படுக்கை வாட்டில் வையுங்கள். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருண்டுவிடும், எதிரே இருக்கட்டும். மின்விசிறியை அணைத்துவிட்டுக் காலர் மைக்கைக் குத்திக்கொள்ளுங்கள். பட்டையை மடிக்கும் காட்சிக்குப் போனை மேலிருந்து கீழே பார்க்கும்படி பொருத்தி, பின் கேமராவில் எடுங்கள். சில போன்களில் முன் கேமரா எழுத்தை இடவலமாகத் திருப்பிவிடும்.

சரியாக வந்திருக்கிறதா?

கணக்கு ஆசிரியர் அல்லாத ஒருவரிடம் காட்டி, "நான் எப்படிப் பாடம் நடத்துவேன்னு சொல்லுங்க" என்று கேளுங்கள். "தெளிவா இருக்கு" என்று மட்டும் சொன்னால் மூன்றாம் படியை மீண்டும் எடுக்க வேண்டும். "தப்பு பண்ணினா திட்டாம, அவங்களையே அளந்து பாக்க வைக்கறீங்க" என்றால் யூடியூபில் `Unlisted` என்று ஏற்றி, அந்த இணைப்பைப் போர்ட்ஃபோலியோவின் முதல் பக்கத்தில் சேர்த்துவிடலாம்.