மாடல் மாறியதும் பழைய லிஸ்டிங்கிலேயே கை வைக்காதீர்கள்

ஆன்லைன் விற்பனையாளர் குழுக்களில் மாதம் தவறாமல் ஒரு கேள்வி வருகிறது: “கம்பெனிக்காரங்க மாடலை மாத்திட்டாங்க. லிஸ்டிங்ல வாட்ஸை மட்டும் எடிட் பண்ணினா போதுமாண்ணா?” கேட்பவர் பெரும்பாலும் கடை தொடங்கி ஓராண்டுகூட ஆகாதவர். “போதும், பண்ணிடுங்க தம்பி” என்று யாராவது பதில் சொல்லியும் விடுகிறார்கள். அந்தப் பதில் தவறு. என்ன ஆகும் என்பதை ஒரு மின்கெட்டிலை வைத்துக் கணக்காகவே பார்த்துவிடலாம். எழுத்துப்பிழை, மங்கலான படம் போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை.

## ஒரே பக்கத்தில் பழையதையும் புதியதையும் கலப்பது

1.5 லிட்டர் கெட்டில் ஒன்றை விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய மாடல் 1200 வாட், 6 ஆம்பியர் பிளக், பெட்டியில் அச்சிட்ட எம்.ஆர்.பி. 1,199 ரூபாய். தயாரிப்பாளர் இப்போது அதே உருவத்தில், அதே நிறத்தில் 1500 வாட் கெட்டிலை அனுப்புகிறார். பிளக் 16 ஆம்பியர், எம்.ஆர்.பி. 1,349. உங்கள் குடோனில் பழையது 90, விற்பனைத் தளத்தின் கிடங்கில் 150. புதியது 300 வந்து இறங்குகிறது.

எளிய வழி என்று தோன்றுவது இதுதான்: நல்ல ரேட்டிங் சேர்ந்திருக்கும் பழைய பக்கத்தைத் திறந்து 1200-ஐ 1500 ஆக்கி, எம்.ஆர்.பி.யை மாற்றி, புதிய ஸ்டாக்கை அதே எஸ்.கே.யூ.வில், அதாவது அந்தப் பொருளுக்கு நீங்கள் வைத்திருக்கும் அதே குறியீட்டில், ஏற்றிவிடுவது. இப்போது பக்கத்தில் ஒரு பொருள்தான் இருக்கிறது. கிடங்கில் இரண்டு இருக்கின்றன. பெட்டியை எடுத்து அனுப்பும் ஊழியருக்குத் தெரிவது பார்கோடு மட்டுமே. கைக்கு எட்டியதை எடுத்து அனுப்புவார். அதில் அவர் தவறு எதுவும் இல்லை.

முதலில் அடிபடுவது எம்.ஆர்.பி. புதிய விலைக்கு ஏற்ப 1,249 ரூபாய்க்கு விற்கிறீர்கள். வாங்கியவருக்குப் பழைய பெட்டி போய்ச் சேர்கிறது. அதன்மேல் 1,199 என்று அச்சிட்டிருக்கிறது. அச்சிட்ட விலைக்கு மேல் 50 ரூபாய் வாங்கிவிட்டீர்கள். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகளின்படி அது குற்றம். பெட்டியின் ஒரு போட்டோவே புகாருக்குப் போதும். பழைய பெட்டியில் புது விலை ஸ்டிக்கர் ஒட்டித் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். விலையைக் குறைக்க மட்டுமே ஸ்டிக்கர் ஒட்டலாம், அதுவும் பழைய விலையை மறைக்காமல்.

அடுத்தது பிளக். 1200 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 5.2 ஆம்பியர். அது 6 ஆம்பியர் சாக்கெட்டுக்குள் அடங்கும். 1500 வாட் என்றால் 6.5 ஆம்பியர், அடங்காது. விடுதி அறையில் கட்டிலருகே இருப்பது பெரும்பாலும் சிறிய சாக்கெட்தான். மாற்றத்துக்கு முந்தின நாள் 1200 வாட் என்று படித்து ஆர்டர் போட்ட மாணவருக்கு 16 ஆம்பியர் பிளக் வந்தால் ரிட்டர்ன் நிச்சயம். ரிட்டர்ன் செய்யாமல் ஒரு கன்வெர்ட்டர் வாங்கிச் செருகிவிட்டால் இன்னும் மோசம். சாக்கெட்டும் அதற்குப் போகும் வயரும் அளவை மீறிய சுமையைத் தாங்க வேண்டிவரும்.

இவை இரண்டையும் பணம் கட்டியாவது சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாதது மூன்றாவது. நான்கு மாதம் கழித்துத் தயாரிப்பாளரிடமிருந்து கடிதம் வருகிறது: 1200 வாட் மாடலின் ஒரு பேட்சில், தண்ணீர் வற்றிய பிறகும் கெட்டில் தானாக அணையவில்லை, திரும்பப் பெறுங்கள். யாரிடமிருந்து பெறுவது? ஆர்டர் அறிக்கையில் எல்லா விற்பனையும் ஒரே எஸ்.கே.யூ.வில் கிடக்கிறது. எந்த ஆர்டருக்குப் பழையது போனது, எதற்குப் புதியது போனது என்பதை இனி எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. 240 பேருக்குப் போக வேண்டிய அறிவிப்பை 540 பேருக்கும் அனுப்ப வேண்டும். அதில் 300 பேர் நல்ல கெட்டிலை வைத்துக்கொண்டு பணம் கேட்பார்கள். உண்மையிலேயே ஆபத்தான கெட்டிலை வைத்திருப்பவர், தன்னிடம் இருப்பது 1200 வாட்தானா என்று பார்க்க ஆர்டர் பக்கத்தைத் திறந்தால், அங்கே நீங்கள் மாற்றி எழுதிய 1500 வாட் இருக்கும். “நம்முடையது இல்லை” என்று நிம்மதியாக மீண்டும் சுவிட்சைப் போடுவார். இந்தத் தவறைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வருவது இதனால்தான். ரேட்டிங்கைக் காப்பாற்றப் போய், வாங்கியவரின் பாதுகாப்பை அழித்துவிடுகிறார்கள்.

சரியான முறைக்கு அரை நாள் வேலைதான். எதையும் மாற்றுமுன் பழைய பக்கத்தை முழுமையாகப் பி.டி.எஃப். ஆகச் சேமியுங்கள். கோப்பின் பெயரிலேயே தேதி இருக்கட்டும். படங்கள், விவரப் பட்டியல், கேள்வி–பதில் பகுதி எல்லாம் அதில் வர வேண்டும். நாளை தகராறு வந்தால், அன்று என்ன சொல்லி விற்றீர்கள் என்பதற்கு அதுவே சான்று.

பிறகு புதிய மாடலுக்குத் தனி எஸ்.கே.யூ., தனிப் பக்கம். பெயரிலேயே வேறுபாடு தெரியட்டும்:

```
KTL-1.5L-1200W-A
KTL-1.5L-1500W-B
```

பார்கோடு எண்ணும் புதிதாக வேண்டும். பொருளின் செயல்பாட்டில் அறிவிக்கத்தக்க மாற்றம், நிகர அளவில் மாற்றம், பெட்டியின் ஏதாவது ஓர் அளவிலோ மொத்த எடையிலோ 20 விழுக்காட்டுக்கு மேல் மாற்றம் ஆகியவற்றுக்குப் புதிய எண் கொடுக்க வேண்டும் என்பது பார்கோடு எண்களை நிர்வகிக்கும் ஜி.எஸ்.1 அமைப்பின் நெறி. எண்ணைக் கொடுப்பது தயாரிப்பாளர் அல்லது பிராண்டு உரிமையாளர் வேலை. அவர் பழைய எண்ணையே அச்சிட்டு அனுப்பினால் சரக்கை இறக்குமுன்பே கேளுங்கள். அவர் அசையாவிட்டால் ஒவ்வொரு பெட்டியிலும் தளத்தின் சொந்த பார்கோடு ஸ்டிக்கரை ஒட்டி அனுப்புங்கள். தயாரிப்பாளரின் பார்கோடை வைத்தே கிடங்கு ஸ்டாக்கை அடையாளம் காணும்படி விட்டால் மறுபடியும் இரண்டும் கலந்துவிடும். அமேசான் போன்ற தளங்கள், பொருளில் முக்கியமான மாற்றம் வந்தால் புதுப் பக்கம்தான் தொடங்க வேண்டும் என்று தங்கள் விதியிலேயே சொல்கின்றன. பழைய ரேட்டிங்கோடு புதுப் பொருளை விற்பது தெரிந்தால் பக்கத்தையே முடக்கவும் செய்வார்கள்.

பழைய 240-ஐப் பழைய பக்கத்திலேயே, பழைய விவரத்தோடு, 1,199-க்குள் விற்றுத் தீர்த்துவிடுங்கள். தலைப்பில் “1200 வாட், 6 ஆம்பியர் பிளக்” என்று சேர்த்தால் அதைத் தேடியே வாங்குபவர்களும் உண்டு. புதுப் பக்கம் சூடு பிடிக்கச் சில வாரங்கள் ஆகும். அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

## திரும்பப் பெறும்போது ஸ்டாக்கைப் பூஜ்யம் ஆக்கிவிட்டு உட்கார்ந்திருப்பது

பூஜ்யம் என்று போட்டது அன்றைய எண்ணிக்கையை மட்டும்தான். ஏற்கெனவே கிளம்பி வழியில் இருக்கும் ஆர்டர்கள் போய்ச் சேரும். வாங்கியவர்கள் திருப்பி அனுப்பியவை கிடங்குக்கு வரும். அங்கே அவற்றைப் பிரிப்பவர் பெட்டியும் வெளித்தோற்றமும் நன்றாக இருக்கின்றனவா என்றுதான் பார்ப்பார். குறையுள்ள கெட்டில் பார்க்கப் புத்தம் புதிதாகவே இருக்கும். “விற்கத்தக்கது” என்று அது உள்ளே போனதும் ஸ்டாக் 1 என்று காட்டும், பக்கம் தானாக உயிர்பெறும். திரும்பப் பெற்ற பொருள் மறுபடி விற்பனைக்கு வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

எனவே லிஸ்டிங்கின் விற்பனையையே மூடுங்கள். கிடங்கில் மிச்சமிருப்பதை எடுக்க ரிமூவல் ஆர்டர் போடுங்கள். அடுத்த சில வாரங்களில் வந்துசேரும் ரிட்டர்ன்களுக்காக வாரம் ஒருமுறை அதே ஆர்டரைத் திரும்பவும் போட வேண்டியிருக்கும். உங்கள் குடோனில் அவற்றைத் தனி இடத்தில், சிவப்பு டேப் ஒட்டி, எண்ணி எழுதி வையுங்கள்.

## பக்கத்தை அழித்துவிடுவது

வேண்டாம். விற்பனை நின்றால் போதும், விவரம் அப்படியே இருக்க வேண்டும்.

## பூசி மெழுகிய அறிவிப்பு

“தரத்தை மேம்படுத்தும் எங்கள் தொடர் முயற்சியின் ஒரு பகுதியாக, முன்னெச்சரிக்கையாக…” என்று தொடங்கும் கடிதத்தை யாரும் இரண்டாவது வரிக்கு மேல் படிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 13 முதல் நடைமுறையில் இருக்கும் பொதுப் பொருள் பாதுகாப்பு விதி, திரும்பப் பெறும் அறிவிப்பில் ஆபத்தைக் குறைத்துக்காட்டும் சொற்களைத் தவிர்க்கச் சொல்கிறது. “தன்னார்வமாக”, “முன்னெச்சரிக்கையாக”, “அரிதான சூழலில்” போன்றவையும், இதுவரை விபத்து எதுவும் நடக்கவில்லை என்பதும் அதில் அடங்கும். இங்கே விற்பவரை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் அறிவிப்பு எழுத அதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

நம் கெட்டிலுக்கு இப்படி எழுதலாம்:

“பாதுகாப்புக் காரணத்துக்காகத் திரும்பப் பெறுகிறோம். நீங்கள் வாங்கிய 1200 வாட் கெட்டில் தண்ணீர் வற்றிய பிறகும் அணையாமல் தீப்பற்றக்கூடும். உடனே பயன்படுத்துவதை நிறுத்துங்கள். கெட்டிலின் அடியில் உள்ள லேபிளில் பேட்ச் எண் இருக்கும், படத்தில் வட்டமிட்டிருக்கிறோம். கீழே கொடுத்துள்ள எண் அதுவானால் முழுப் பணம் அல்லது புதிய கெட்டில், உங்கள் விருப்பம். கூரியர் செலவு எங்களுடையது.”

பேட்ச் எண், லேபிள் படம், அழைக்க வேண்டிய தொலைபேசி எண், நேரம் ஆகியவை கீழே. சலுகைக் கூப்பன், “எங்கள் மற்ற பொருட்களையும் பாருங்கள்” எதுவும் அதில் இருக்கக்கூடாது. விளம்பரம் என்று நினைத்து மூடிவிடுவார்கள்.

வாங்கியவரின் உண்மையான தொலைபேசி எண்ணோ மின்னஞ்சலோ பெரும்பாலும் உங்களிடம் இருக்காது. தளம்தான் வைத்திருக்கும். ஆகவே ஆர்டர் எண்களின் பட்டியலைத் தளத்துக்குக் கொடுத்து, அவர்கள் மூலமாக அனுப்பச் சொல்ல வேண்டும். தளங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. கட்டாயத் தரநிர்ணயத்தை மீறிய பிரஷர் குக்கர்கள் விற்கப்பட்டதற்காக, 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. விற்ற 2,265 குக்கர்களை வாங்கிய எல்லோருக்கும் தெரிவித்து, குக்கரைத் திரும்பப் பெற்று, பணத்தைக் கொடுக்கவும் உத்தரவிட்டது. அதே மாதத்தில் ஃபிளிப்கார்ட்டுக்கும் 598 குக்கர்கள் தொடர்பாக அதேபோன்ற உத்தரவு வந்தது. ஒவ்வொரு குக்கரையும் எண்ணிச் சொல்ல முடிந்ததால்தான் அப்படி ஓர் உத்தரவு போட முடிந்தது. உங்கள் எஸ்.கே.யூ. தனித்தனியாக இருந்தால் உங்களாலும் அந்தப் பட்டியலைப் பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுக்க முடியும்.

## படத்துக்குள் இருக்கும் எழுத்து

விவரப் பட்டியலைத் திருத்திவிட்டு, மூன்றாவது படத்தில் பெரிதாக எழுதியிருக்கும் “1200W”-ஐ விட்டுவிடுவார்கள். பழைய பக்கத்தின் படங்களைப் புதுப் பக்கத்துக்கு அப்படியே நகலெடுக்கும்போது இது நடக்கிறது. கைபேசியில் வாங்குபவர் படத்தைத்தான் தள்ளிப் பார்க்கிறார். வீடியோவையும், வாட்ஸ்அப் கேட்டலாக்கையும், கூகுளுக்குப் போகும் ஃபீடையும் கூடவே திறந்து பாருங்கள்.

## விளம்பரம்

பொருளைத் திரும்பப் பெறும்போது எல்லாவற்றுக்கும் முன் அதை நிறுத்துங்கள்.