தண்ணி விடாய் வராதவருக்குத் தண்ணீர் கொடுக்கும் முறை: தராசு, போத்தல், ஒரு கொப்பி

தம்பிக்கு மூளையில் வந்தது கிரேனியோபாரிஞ்சியோமா என்ற கட்டி. அது புற்றுநோய் இல்லை, ஆனால் வளர்ந்த இடம் மோசம். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலமஸோடு ஒட்டியே வளர்ந்திருந்தது. சத்திரசிகிச்சை முடிந்து திருகோணமலைக்குக் கூட்டிவந்த பிறகு எங்களுக்கு மிஞ்சிய வேலை, அவனுடைய தண்ணீர்க் கணக்கை நாங்கள் பார்ப்பது. இதே நிலையில் ஆளை வைத்திருக்கும் வீட்டாருக்காக அந்த முறையை எழுதுகிறேன். இங்கே வரும் எண்கள் கணக்கைக் காட்டுவதற்கு மட்டும்தான். உங்கள் ஆளின் எண்களை உங்கள் வைத்தியர்தான் தர வேண்டும்.

முதலில் என்ன பழுதாகியிருக்கிறது என்று பார்ப்போம். இரத்தம் கொஞ்சம் உப்பேறினால் ஹைப்போதலமஸின் முன்பக்கத்தில் உள்ள உணரிகள் அதைப் பிடித்துவிடும். உடனே இரண்டு வேலை நடக்கும். தண்ணி விடாய் வரும். வாசோபிரெசின் என்ற ஹோர்மோன் சுரந்து, சலமாகப் போகும் தண்ணீரைச் சிறுநீரகம் திருப்பி எடுக்கும். வாசோபிரெசின் மட்டும் இல்லாமல் போனவர் நாளுக்குப் பல லீற்றர் சலம் கழிப்பார், ஆனால் விடாய் அவரைக் குடிக்கவைத்துக் காப்பாற்றும். விடாயும் சேர்ந்து போனவருக்கு அந்தக் காவலும் இல்லை. நாக்கு வறண்டு கிடக்கும்போது தம்பியிடம் கேட்டால் "எனக்கு ஒண்டும் வேண்டாம் அக்கா" என்பான். பொய் சொல்லவில்லை, அவனுக்கு உண்மையிலேயே அப்படித்தான் இருக்கும்.

படி 1: இலக்கு நிறை

இரத்தத்தில் சோடியம் 135க்கும் 145க்கும் நடுவில் இருக்கிற ஒரு நாளில் காலை நிறையை எடுங்கள். அதுதான் இலக்கு நிறை. ஆஸ்பத்திரியை விட்டு வருமுன் வைத்தியரிடம் கேட்டு இதை எழுதி வாங்குங்கள். கூடவே இரண்டு விடயங்கள் வேண்டும்: வாசோபிரெசினுக்குப் பதிலாகக் கொடுக்கும் டெஸ்மோபிரெசின் மருந்தின் அளவும் நேரமும், சாதாரண நாளில் குடிக்க வேண்டிய அடிப்படை அளவும். உதாரணத்துக்கு இலக்கு 62 கிலோ, அடிப்படை 1.8 லீற்றர் என்று வைத்துக்கொள்வோம்.

படி 2: தராசு

இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஊசி சுற்றும் தராசு வேண்டவே வேண்டாம். 100 கிராம் வித்தியாசம் காட்டும் டிஜிட்டல் தராசு வாங்குங்கள். சீமெந்துத் தரையில் ஒரே இடத்தில் வையுங்கள், பாய் மேலேயோ கார்ப்பெட் மேலேயோ வைத்தால் எண் ஆடும். காலையில் எழும்பி, சலம் கழித்தபின், ஒன்றும் குடிக்க முன்னம், ஒரே மாதிரி மெல்லிய உடுப்போடு நிறுக்க வேண்டும். தண்ணீர்க் கணக்குக்கு ஃபோன் அப்ளிகேஷன் பல இருக்கின்றன. நான் இரண்டு ரூல் கொப்பியைத்தான் நம்புகிறேன். நான் வீட்டில் இல்லாத நேரம் அம்மாவும் அதை வாசிக்கலாம், கரண்ட் போனாலும் கொப்பி திறக்கும்.

படி 3: அன்றைய கணக்கு

ஒரு கிலோ நிறை குறைந்தால் ஒரு லீற்றர் தண்ணீர் குறைவு. கணக்கு அவ்வளவுதான்:

```
இன்றைய தண்ணீர் = அடிப்படை + (இலக்கு − இன்றைய நிறை)
```

காலையில் 61.2 கிலோ என்றால் 0.8 கிலோ குறைவு. ஆக 1.8 + 0.8 = 2.6 லீற்றர். 62.5 காட்டினால் அரை லீற்றர் கூடுதலாக உடம்பில் நிற்கிறது, அன்றைக்கு 1.3 லீற்றர் போதும். அன்றைய முழு அளவையும் காலையிலேயே 500 மில்லி போத்தல்களில் நிரப்பி மேசையில் வைத்துவிடுங்கள். தேத்தண்ணி, இளநீர், கஞ்சி, கூழ் எது குடித்தாலும் அதே அளவைப் போத்தலிலிருந்து வெளியே ஊற்றிவிட வேண்டும். சோறு கறியில் இருக்கும் தண்ணீரை எண்ணத் தேவையில்லை. வழக்கமான சாப்பாட்டை நினைத்துத்தான் அடிப்படை அளவே தரப்பட்டிருக்கிறது.

நாள் முழுக்கப் பரப்பிக் கொடுங்கள். டெஸ்மோபிரெசின் வேலை செய்யும் நேரத்தில் சிறுநீரகத்தால் மிச்சத் தண்ணீரை வெளியேற்ற முடியாது. விட்டதைப் பிடிக்கிறேன் என்று ஒரே மூச்சில் லீற்றர் கணக்கில் குடிக்கவைத்தால் சோடியம் சடாரென்று இறங்கும். தலையிடி, சத்தி, பிறகு வலிப்பு வரைக்கும் போகலாம். இன்னொரு சிக்கல், சோடியம் ஏறினாலும் இறங்கினாலும் வீட்டில் தெரிவது அநேகமாக ஒன்றுதான்: ஆள் மந்தமாக இருப்பார், எரிந்து விழுவார், கதை குழம்பும். பார்த்துச் சொல்ல முடியாது, இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். இலக்கிலிருந்து இரண்டு கிலோவுக்குக் கிட்ட ஏறியோ இறங்கியோ இருந்தால் கணக்குப் போடவேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

படி 4: தராசு ஏமாற்றும் இடம்

எங்களை அதிகம் இழுத்தடித்தது இந்தப் படிதான். கிளினிக்கில் கொடுத்த துண்டில் இதைப் பற்றி ஒரு வரியும் இருக்கவில்லை.

பசியைப் பார்ப்பதும் இதே ஹைப்போதலமஸ்தான். உடம்புக் கொழுப்பிலிருந்து லெப்டின் என்ற ஹோர்மோன் வந்து, இருப்புப் போதும் என்று அதற்குச் சொல்கிறது. அதைக் கேட்கும் பகுதி சேதப்பட்டால், வயிறு முட்டச் சாப்பிட்டவரையும் பட்டினி கிடப்பவராகவே மூளை எடுத்துக்கொள்ளும். பசி அடங்காது, உடம்பு சக்தியைச் செலவழிப்பதும் குறையும். 1940இல் ஹெதரிங்டனும் ரான்சனும் எலிகளின் ஹைப்போதலமஸில் நடுப்பக்கத்தின் கீழ்ப்பகுதியைச் சேதப்படுத்திப் பார்த்தார்கள், எலிகள் பந்து போலப் பருத்தன. பக்கவாட்டுப் பகுதி சேதப்பட்டால் நேர்மாறு, சாப்பாட்டையே தொடாது. ஆகவே "வாயைக் கட்டத் தெரியாத பிள்ளை" என்று சொல்லும் மாமிமாருக்கு இந்த எலிகளின் கதையைச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் பிஸ்கட் டின்னை அவன் கண்ணில் படாத இடத்தில் வைப்பதும், புட்டை அளந்து கோப்பையில் போடுவதும்தான் பலன் தந்தன. புத்திமதி பலன் தரவில்லை.

சரி, இதற்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம்? மெதுவாகக் கொழுப்புக் கூடுகிறது, வாரத்துக்கு 400 கிராம் என்று வையுங்கள். தராசுக்குக் கொழுப்பும் தண்ணீரும் ஒன்றுதான். நிறை கொஞ்சம் கூடியவுடன் நம் கணக்குத் தண்ணீரைக் கொஞ்சம் குறைக்கும். மறுநாளும் அப்படியே. கூடிய கொழுப்பின் இடத்தைத் தண்ணீர் விட்டுக்கொடுத்துக்கொண்டே போகும். கொப்பியைப் பார்த்தால் 62.0, 62.1, 62.0 என்று அவ்வளவு அழகாக இருக்கும். இரண்டு மாதம் ஆகும்போது மூன்று கிலோ கொழுப்புக் கூடி, மூன்று லீற்றர் தண்ணீர் குறைந்திருக்கும். 62 கிலோ ஆணின் உடம்பில் இருக்கும் தண்ணீரே அண்ணளவாக 37 லீற்றர். அதில் மூன்று போனால் 140 இருந்த சோடியம் 150ஐத் தாண்டிவிடும். கொப்பியில் ஒரு பிழையும் தெரியாது, பிள்ளை மட்டும் நாள் முழுக்கத் தூங்கி வழிவான்.

இதைப் பிடிக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, வைத்தியர் சொன்ன இடைவெளியில் சோடியம் பார்ப்பது. ஆரம்பத்தில் வாரத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்வார்கள், நிறை சீராக இருக்கிறதே என்று தவறவிடாதீர்கள். மற்றது, தையற்காரர் வைத்திருக்கும் அளவு நாடா. வாரம் ஒருமுறை தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து கொப்பியிலேயே எழுதுங்கள். நிறை அசையாமல் இடுப்பளவு மட்டும் கூடிக்கொண்டு வந்தால் இலக்கு நிறை பழசாகிவிட்டது என்று அர்த்தம். புது இலக்கை நீங்களே போடக் கூடாது. உயர்ந்த சோடியத்தை ஆஸ்பத்திரியில் நாட்கணக்கில் மெதுவாக இறக்குவார்கள், வேகமாக இறக்கினால் மூளை வீங்கும். சோடியம் சரியான நாளில் எடுக்கும் காலை நிறை, நம் உதாரணத்தில் 65 கிலோ அளவில் வரும், அதுதான் புது இலக்கு.

படி 5: கச்சான் காலம்

கச்சான் காற்று தொடங்கினால் எங்கள் ஊர் எப்படி வறுபடும் என்று உங்களுக்குத் தெரியும். உடம்பு சூடேறும்போது தோலுக்கு இரத்தத்தை அனுப்பி வியர்க்கவைப்பதும் ஹைப்போதலமஸின் முன்பகுதிதான். அது பழுதானவருக்கு வியர்வை குறையலாம், உடல் வெப்பம் வெளிவெப்பத்தோடு சேர்ந்து ஏறலாம். அப்படிப்பட்டவர் கிருமி எதுவும் இல்லாமலே நடுப்பகலில் 38 பாகை தாண்டுவார்.

காய்ச்சலில் ஹைப்போதலமஸ் தானே இலக்கு வெப்பத்தை உயர்த்துகிறது, பரசிட்டமோல் அதைக் கீழே இறக்கும். வெயிலால் ஏறிய சூட்டில் இலக்கு மாறவில்லை, ஆகவே பரசிட்டமோல் கொடுத்துப் பயனில்லை. நிழல், மின்விசிறி, ஈரத்துணி, இவைதான் வேலை செய்யும். ஒரு மணித்தியாலத்தில் இறங்காவிட்டால் காய்ச்சல் என்றே எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். வெப்பமானியை அக்குளில் வைத்துப் பாருங்கள். நெற்றிக்கு நேரே பிடிக்கும் துப்பாக்கி போன்றது வெயிலுக்குள் நின்றவருக்குக் கண்டபடி காட்டும்.

கச்சான் நாட்களில் காலை நிறை மட்டும் போதாது, பகலில் போன தண்ணீர் மறுநாள்தான் தெரியும். பின்னேரம் ஐந்து மணிக்கும் நிறுங்கள். சாதாரண நாளில் காலைக்கும் பின்னேரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று முன்கூட்டியே எழுதிவைத்திருந்தால், அதைவிடக் குறைந்திருப்பதை இரவுக்கு முன் கொடுத்துவிடலாம்.

பின்சேர்க்கை (வாசகர்கள் கேட்டவை)

மூதூரிலிருந்து ஒருவர், தன் மகனைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்டார். வியர்க்காதவரை நான் கூட்டிப்போக மாட்டேன். கை கால் நனைத்தால் போதும்.

இன்னொருவர், தடிமன் பிடித்த நாட்களில் மருந்து வேலை செய்யவில்லை என்று எழுதினார். அவர் பாவிப்பது மூக்கில் அடிக்கும் டெஸ்மோபிரெசின். மூக்கு அடைத்திருந்தால் அது சரியாக உறிஞ்சப்படாது. குளிசைக்கு மாற்றலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். நாங்கள் குளிசைதான் பாவிக்கிறோம், குளிர்சாதனப் பெட்டியை நம்பியிருக்கத் தேவையில்லை.

கோர்ட்டிசோல் ஹோர்மோனுக்குப் பதிலாக ஹைட்ரோகோர்ட்டிசோனும் எடுக்கிறவர்களுக்குக் காய்ச்சல் என்றால் அந்த அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். எவ்வளவு என்று இப்போதே கேட்டு எழுதிவையுங்கள். சத்தி எடுத்து மருந்து தங்காவிட்டால் ஊசி போட உடனே கொண்டுபோக வேண்டும்.

கடைசியாக, வோட்டில் நிற்கும்போது என்ன சொல்வது என்று பலர் கேட்டிருந்தார்கள். புதிதாக வருகிற தாதி "தண்ணி விடாய்க்குதா?" என்று கேட்பார், பிள்ளை "இல்லை" என்பான், அதோடு கதை முடிந்துவிடும். அதனால் தம்பியின் பணப்பையில் ஓர் அட்டை இருக்கிறது. இலக்கு நிறை, அடிப்படைத் தண்ணீர், மருந்துகளின் அளவும் நேரமும், கடைசிச் சோடியமும் திகதியும் அதில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பு மையில், மூன்று மொழியிலும்: "இவருக்குத் தாகம் தெரியாது. கேட்க வேண்டாம், நிறுத்துப் பாருங்கள்."