கனடா ஸ்பொன்சருக்கு ஊரில் சான்றிதழ் மொழிபெயர்க்கும்போது

யாழ்ப்பாணத்தில் கல்யாணத்தை முடித்து, துணையை ஸ்பொன்சர் செய்யப் போகிறவர்கள் ஊரில் நிற்கும்போதே சான்றிதழ்களின் மொழிபெயர்ப்பையும் முடித்துவிடுங்கள். டொரொன்டோ திரும்பியபின் போனில் திருத்தம் சொல்லிக்கொண்டிருப்பது பெரிய தலையிடி.

ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இல்லாத பத்திரத்துக்குக் கனடா குடிவரவுத் திணைக்களம் முழு மொழிபெயர்ப்பைக் கேட்கும். எந்த மூலத்தைப் பார்த்து மொழிபெயர்த்தாரோ, அதன் உறுதிப்படுத்திய பிரதியும் கூடவே போகவேண்டும். மொழிபெயர்த்தவர் ஒரு தொழில்சார் சங்க உறுப்பினராக இருந்து, உறுப்பினர் இலக்கமுள்ள முத்திரையைப் பதித்தால் அவ்வளவு போதும். இல்லாவிட்டால் அவர் கொடுக்கும் சத்தியக்கடதாசியும் வேண்டும். நம் ஊர்ச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் முத்திரை அந்த வகையில் அடங்குமா என்று யோசித்துக்கொண்டிருப்பதைவிட, சத்தியக்கடதாசியையும் வாங்கி வைப்பதே என் கட்சி.

இதில் பலர் குழம்புகிறார்கள். அந்தக் கடதாசியில் சத்தியம் செய்யவேண்டியவர் விண்ணப்பகாரர் இல்லை, மொழிபெயர்த்தவர். 'எனக்கு இரண்டு மொழியும் தெரியும், இது மூலத்துக்குச் சரியான மொழிபெயர்ப்பு' என்று, சத்தியம் செய்விக்க அதிகாரமுள்ள ஒருவர் முன்னிலையில் அவர் கையொப்பமிடவேண்டும். உங்கள் சித்தப்பா ஆங்கில ஆசிரியராக இருந்தாலும் அவரிடம் கொடுக்காதீர்கள். பெற்றோர், சகோதரர், மாமன், மாமி, ஒன்றுவிட்ட சகோதரர் வரை குடும்பத்தார் செய்த மொழிபெயர்ப்பு செல்லாது.

அடுத்த சிக்கல் பெயர். தர்சினி என்ற பெண்ணை எடுத்துக்கொள்வோம். பிறப்புச் சான்றிதழில் பெயருக்கான கட்டத்தில் 'தர்சினி' மட்டும் இருக்கும். தகப்பன் பெயர் வேறு கட்டத்தில். கடவுச்சீட்டில் இரண்டும் சேர்ந்திருக்கும், அதுவும் Tharsini என்று. மொழிபெயர்ப்பாளர் தன் வழக்கப்படி Dharshini என்று போட்டுவிட்டால் இரண்டு பெண்கள்போலத் தெரியும். ஆகவே கடவுச்சீட்டுப் பிரதியை முதலே கொடுத்து, எழுத்துக்கூட்டலை அதன்படி வைக்கச் சொல்லுங்கள். ஆனால் தகப்பன் பெயரையும் பெயர்க் கட்டத்தில் சேர்த்துவிடும்படி கேட்காதீர்கள்; மூலத்தில் இல்லாததை அவர் சேர்த்தால் அது மொழிபெயர்ப்பே அல்ல. விவாகச் சான்றிதழில் தமிழிலேயே பெயர் வேறாக இருந்தால், அதை மொழிபெயர்ப்பில் மறைக்க முடியாது. பதிவில் திருத்தம் செய்யலாமா என்று பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

அப்புறம் பின்பக்கம். பெயர் மாற்றம், திருத்தக் குறிப்பு, பதிவாளரின் முத்திரை எல்லாம் அங்கே இருக்கலாம், சிலது சிங்களத்தில். முத்திரையில் உள்ள எழுத்தும் மொழிபெயர்க்கப்படவேண்டும். தமிழ் மட்டும் தெரிந்தவரிடம் கொடுத்தால் அந்த இடம் வெறுமையாக வரும். வேலையை வாங்கும்போது மூலத்தைப் பக்கத்தில் வைத்து, கட்டம் கட்டமாக ஒத்துப் பாருங்கள். திகதிகளையும் பதிவு இலக்கத்தையும் இரண்டு தரம்.