நள்ளிரவு நேரத்தை மெசேஜில் எழுதும்போது

இரவு 12 முதல் 3 மணி வரையிலான நேரத்தை மெசேஜில் எழுதும்போது, 'சனி இரவு, விடிந்தால் ஞாயிறு, 2 மணி' என்று இரண்டு கிழமையையும் சேர்த்து எழுதுங்கள்.

ஞாயிறு விடியும் முன் காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போக ஆட்டோ அண்ணனுக்கு 'ஞாயிறு ராத்திரி 2 மணிக்கு வாங்க' என்று அனுப்பினால், அவர் திங்கள் பிறந்த பிறகு வந்து நிற்பார். தேதி நள்ளிரவிலேயே மாறிவிடுகிறது. நம் பேச்சிலோ, பஞ்சாங்கத்தில் போலவே, விடிந்தால்தான் மறுநாள். 'விடிந்தால் ஞாயிறு' என்றதும் எந்த இரவு என்பதில் சந்தேகமே இருக்காது.

சரியாக 12 மணி என்றால் 'இரவு 11:55' என்றோ 'இரவு 12:05' என்றோ தள்ளி எழுதுவேன். வெறும் '12 மணி' பகலாகவும் இருக்கலாமே. 4 மணிக்கு மேல் 'ஞாயிறு விடியற்காலை' போதும். அதை யாரும் ராத்திரி என்று சொல்வதில்லை.

ரயில் டிக்கெட்டுக்கு மட்டும் இது ஆகாது. 00:20 வண்டிக்கு டிக்கெட்டில் உள்ள தேதியையே அப்படியே அனுப்புங்கள். ஆனால் ஸ்டேஷனுக்கு முந்தின நாள் இரவே கிளம்ப வேண்டும்.